இருபதாயிரத்தையும் எடுத்துடுப்பா

கோலாலம்பூர் ஜாலான் ராஜா சூலானில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் இணக்கப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் புகார்கள் என் மேசைக்குத்தான் வரும். பெரும்பாலானவை கட்டணம், தாமதம், மறந்துபோன கடவுச்சொல். இன்னமும் மனதில் நிற்பது ஒன்றே ஒன்று. அது ஒரு தமிழ் வினைச்சொல்லைச் சுற்றி நடந்தது.

செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவரிடம் ஒரு நிறுவனத்தின் பங்கு 20,000 இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் ரெமிசியரை, அதாவது எங்கள் வழியாகச் சந்தையில் வியாபாரம் செய்யும் கமிஷன் தரகரை அழைத்து, 1.48 வெள்ளிக்கு விற்கச் சொன்னார். ரெமிசியர் அதே விலையில் 20,000 வாங்கிவிட்டார். பெரியவர் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் 40,000 பங்கு. அன்று மாலையே விலை 1.45க்கு இறங்கிவிட்டது.

அவர் முதலில் கொண்டுவந்த புகார் நான்கு பக்கம், கையெழுத்தில். பதினைந்து வருட நம்பிக்கை, தீபாவளிக்குக் கொடுத்த முறுக்கு, எல்லாம் இருந்தது. நேரம் மட்டும் எங்கும் இல்லை. "ஐயா, கைப்பேசியில அந்த அழைப்பு எத்தனை மணிக்குப் போனதுன்னு இருக்கும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அனுப்பிக்கிட்ட வாட்ஸ்அப் செய்தி. ரெண்டையும் அழிக்காம படம் எடுத்துக் கொண்டுவாங்க" என்றேன். அவருக்கு வருத்தம். முறுக்கைப் பற்றி எழுதியதை நான் படிக்கவே இல்லை என்று நினைத்தார். படித்தேன். ஆனால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

எங்கள் பக்கத்தில் இரண்டு பதிவுகள். ஒன்று ஆர்டர் பதிவு: ஆர்டர் எண், கணக்கு எண், வாங்குவதா விற்பதா, எத்தனை, என்ன விலை, யாருடைய முனையத்திலிருந்து, எந்த நொடியில். இன்னொன்று டீலிங் அறைத் தொலைபேசியின் ஒலிப்பதிவு. ஆர்டர் 10:41:52க்கு நுழைந்து அதே நொடியில் கைகூடியிருந்தது. ஒலிப்பதிவுப்படி அழைப்பு தொடங்கியது 10:44:30க்கு, முடிந்தது 10:45:20க்கு.

டீலிங் பிரிவின் தலைவர் இதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிட்டார். ஆர்டர் முதலில், அழைப்பு பிறகு. ஆகவே வாங்கச் சொன்னது வேறு எப்போதோ, இந்த அழைப்பு மனம் மாறிய பிறகு செய்தது என்றார். ரெமிசியர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு உறுத்தியது.

பெரியவர் கொண்டுவந்த படத்தில் அழைப்பு 10:40 என்று இருந்தது, 50 நொடி. நீளம் எங்கள் பதிவோடு அப்படியே பொருந்துகிறது, நேரம் மட்டும் நான்கு நிமிடம் தள்ளி நிற்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு கடிகாரம் தப்பு. எது என்று பார்க்க, அதே காலையில் அந்த ரெமிசியர் மற்ற வாடிக்கையாளர்களிடம் "இப்போதான் மேட்ச் ஆச்சு" என்று சொல்லும் மூன்று அழைப்புகளைத் தேடி எடுத்தேன். ஆர்டர் கைகூடிய நேரம் பங்குச் சந்தையின் பதிவில் நொடிக் கணக்கில் இருக்கும். மூன்றிலும் ஒலிப்பதிவுக் கடிகாரம் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முந்திக்கொண்டிருந்தது. கணினிப் பிரிவுத் தம்பி போய் அந்தச் சர்வரைப் பார்த்துவிட்டு 3 நிமிடம் 48 நொடி என்றான். யாரும் அதை நேரம் சரிபார்க்கும் வலையில் இணைத்திருக்கவில்லை. கழித்துப் பார்த்தால் அழைப்பு முடிந்தது 10:41:32க்கு. இருபது நொடியில் ஆர்டர். வேறு எந்த அழைப்புக்கும் அங்கே இடமில்லை.

சரி, அழைப்பில் என்ன சொன்னார்?

தமிழ் தெரியாத என் மேலாளருக்காக யாரோ ஏற்கெனவே மலாய் கலந்த ஒரு மொழிபெயர்ப்பு செய்து வைத்திருந்தார்கள். அதில் 'இருபதாயிரம் எடுத்துக்கொள்' என்று வாங்கும் பொருளில் இருந்தது. நான் காதில் மாட்டிக் கேட்டேன். பெரியவர் சொன்னது இது: "தம்பி, அந்த இருபதாயிரத்தையும் ஒன்னு நாப்பத்தெட்டுல எடுத்துடுப்பா." பதில்: "ஆ, சரி அங்கிள்." அவ்வளவுதான்.

நம் ஊர்த் தமிழில் 'எடு' பொல்லாத சொல். கடையில் புடவை எடுத்தால் வாங்குவது. வங்கியில் காசு எடுத்தால் அங்கே இருப்பதை வெளியே கொண்டுவருவது. ரெமிசியர் நாள் முழுக்க "ஆயிரம் எடுங்க, ஐயாயிரம் எடுங்க" என்று வாங்கும் பொருளில் கேட்டுக்கொண்டிருப்பவர். பெரியவரோ போட்ட காசை வெளியே எடுப்பதாக நினைத்துப் பேசினார். தன் காதில் விழுந்ததைத்தான் ரெமிசியர் செய்தார் என்று இன்றும் நம்புகிறேன். மோசடி இல்லை.

ஆனால் 'இருபதாயிரம் எடு' வேறு, 'அந்த இருபதாயிரத்தையும் எடு' வேறு. இனிமேல் வாங்கப்போகும் பங்கை 'அந்த' என்று யாரும் சுட்ட மாட்டார்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்', கையில் இருக்கும் மொத்தத்தையும் குறிக்கிறது. அன்று காலை அவர் கணக்கில் இருந்தது சரியாக 20,000. இதை மேலாளருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ரெமிசியர் ஆர்டரைத் திருப்பிச் சொன்னாரா?" சொல்லவில்லை. 'விற்பனை, 20,000, 1.48' என்று ஒரு தடவை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லியிருந்தால் ஐந்து நொடியில் தீர்ந்திருக்கும். சந்தேகச் சொல்லை வாடிக்கையாளர் பேசலாம். அதைத் தெளிவாக்கிக்கொள்வது ஆர்டர் வாங்குபவரின் வேலை. பொறுப்பு எங்களுடையது என்று அங்கே முடிவானது.

அடுத்து, எவ்வளவு? வெளியே இருப்பவர்களுக்கு இது எளிதாகத் தெரியும். எனக்கு மூன்று நாள் பிடித்தது இங்கேதான்.

முதல் சிக்கல்: சரியாகவே விற்பனை ஆர்டர் போட்டிருந்தாலும் அது 1.48க்குப் போயிருக்குமா? வாங்கியது உடனே கைகூடியதே என்று பெரியவர் வாதாடினார். அது சான்றே அல்ல. 1.48க்கு விற்க ஏற்கெனவே ஆட்கள் வரிசையில் நின்றதால்தான் வாங்கியது உடனே முடிந்தது. அவர் விற்க வந்திருந்தால் அந்த வரிசையின் கடைசியில் நின்றிருப்பார். ஆகவே அன்றைய வியாபாரப் பட்டியலைக் கீழே வரை பார்த்தேன். 11:06க்கு 1.49இல் கைமாறத் தொடங்கியது. 1.48 வரிசை முழுக்கத் தீராமல் 1.49க்கு வியாபாரம் நடக்காது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. அவருடைய தவறான ஆர்டரே அந்த வரிசையிலிருந்து 20,000ஐ விழுங்கியிருந்தது. அது நடக்காமல், அவரும் 20,000 விற்க வந்திருந்தால் வரிசை 40,000 நீண்டிருக்கும். 1.49இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் கைமாறியிருந்ததால், 40,000ஐக் கழித்தாலும் அவருடையது போயிருக்கும் என்று தைரியமாக எழுதினேன்.

இரண்டாவது சிக்கல்: எந்த நாள் வரை கணக்கிடுவது? பெரியவர் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் 40,000ஐயும் 1.31க்கு விற்றார். பங்குக்கு 17 காசு, மொத்தம் 6,800 வெள்ளி கேட்டார். நிறுவனமோ, தவறு தெரிந்தது புதன்கிழமை காலை, அப்போதே விற்றிருந்தால் விலை 1.44, ஆகவே 1,600 வெள்ளிதான் என்றது. தவறு தெரிந்த பிறகும் பங்கை வைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்தக் காத்திருப்பு வாடிக்கையாளரின் சொந்த முடிவு. இந்த வாதம் பொதுவாக நியாயமானது, நானே பல புகார்களில் இதை எழுதியிருக்கிறேன்.

ஆனால் வாட்ஸ்அப் வேறு கதை சொன்னது. புதன் காலை 8:52க்குப் பெரியவர்: "தம்பி விற்கச் சொன்னேன், வாங்கியிருக்கு." 9:16க்குப் பதில்: "தெரியும் அங்கிள், ரெண்டு நாள் பொறுங்க, ஏறிடும், நான் சரி பண்றேன்." வாங்கிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாளில், அதாவது அந்த வியாழக்கிழமை, வாங்கியதற்குக் காசு கட்ட வேண்டும். அதையும் ரெமிசியர் கட்டச் சொல்லியிருக்கிறார். பெரியவர் நிரந்தர வைப்பை உடைத்து 29,600 வெள்ளி கட்டினார். தவறை ஒப்புக்கொண்டு, காத்திருக்கச் சொன்னதும் எங்கள் ஆள். அப்படியிருக்க, ஏன் காத்திருந்தாய் என்று பெரியவரைக் கேட்க எங்களுக்கு என்ன உரிமை?

அதே செய்திகள் பெரியவருக்கு எதிராகவும் திரும்பின. திங்கள்கிழமை மாலை 4:20க்கு ரெமிசியர் "இனிமே உங்க விருப்பம் அங்கிள், நான் ஒன்னும் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார். அப்போது விலை 1.38, சந்தை திறந்திருந்தது. அதற்குப் பிறகான மூன்று நாள் பெரியவருடைய பொறுப்பு. 40,000 பங்குக்கு 10 காசு வீதம் 4,000 வெள்ளி, தவறான வாங்கலுக்கான தரகுக் கட்டணம், முத்திரை வரி, வைப்பு வட்டி. இதுதான் என் பரிந்துரை. இரண்டு தரப்புக்கும் பிடிக்கவில்லை.

பிடிக்காவிட்டால் வெளியே போகலாம் என்பதையும் பெரியவரிடம் சொன்னேன். அப்போது அதற்கு சிட்ரெக் என்று, தரகு நிறுவனங்களோடு முதலீட்டாளர்களுக்கு வரும் தகராறுகளைத் தீர்க்கும் வெளி அமைப்பு இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து அந்த வேலையை எஃப்எம்ஓஎஸ் என்ற புது அமைப்பு பார்க்கிறது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்திருக்க வேண்டும், கோரிக்கை 2,50,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். முதலீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. நான் அதைச் சொன்னது டீலிங் தலைவருக்குப் பிடிக்கவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பெரியவர் போகவில்லை. அந்த 4,000 கடைசியில் ரெமிசியரின் கமிஷனில்தான் பிடிக்கப்பட்டது. உடன்படிக்கையில் 'நல்லெண்ண அடிப்படையில்' என்று இருந்தது. பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இதுல நல்லெண்ணம் எங்க இருக்கு? தப்பா வாங்குனதுக்குன்னு எழுதுங்க" என்றார். சட்டப் பிரிவு அந்த வரியை மாற்றாது, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். கைக்கடிகாரத்தில் இருந்த நேரத்தைத் தேதிக்குக் கீழே எழுதினார்: மாலை 3:17.