நானோமீட்டரில் பார்த்தால் ஏமாற்றும் இரு பட்டைகள்

[Co(NH3)5Cl]²⁺, அதன் புரோமைடு, அயோடைடு ஆகிய மூன்றின் நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். குளோரைடிலிருந்து அயோடைடுக்குப் போகும்போது, கண்ணுறு பகுதிப் பட்டை 530-லிருந்து 580 நானோமீட்டருக்கு நகர்கிறது. புறஊதாவின் வலிய பட்டையோ 228-லிருந்து 287-க்கு வருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நகர்ந்ததுபோல் தோன்றும். அலை எண்ணுக்கு மாற்றினால்தான் உண்மை தெரியும். முதலாவது சுமார் 1,600 செ.மீ.⁻¹ மட்டுமே நகர்ந்திருக்கிறது, இரண்டாவதோ 9,000. முதலாவது டி-டி தாவல். ஈனி மாறும்போது படிகப்புலப் பிளவு சற்றே குறைகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, ஹாலைடிலிருந்து கோபால்ட்டுக்கு எலக்ட்ரான் தாவும் மின்சுமைப் பரிமாற்றப் பட்டை. அயோடைடு எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பதால் இது பெரிதாக நகர்கிறது.

உறிஞ்சல் செறிவை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் நம்புவதில்லை. எண்முக அணைவுகளின் டி-டி பட்டைகளுக்கு மோலார் உறிஞ்சுதிறன் பொதுவாக நூறுக்குள் இருக்கும் என்பது சரிதான். ஆனால் நான்முக [CoCl4]²⁻ சுமார் 600 காட்டுகிறது, அதுவும் டி-டிதான். மறுபக்கம், புரோமைடு அணைவின் 315 நானோமீட்டர் பட்டை ஏறத்தாழ 1,000 மட்டுமே, ஆனால் அது மின்சுமைப் பரிமாற்றம். இந்த இடைவெளியில் ஈனியை மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அளவெடுக்க இரண்டு கரைசல்கள் வேண்டும். குளோரைடு உப்பில் 62.6 மி.கி. எடுத்து, 0.01 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் 50 மி.லி. ஆக்கினால் 5 மில்லிமோலார் கிடைக்கும். 1 செ.மீ. கியூவெட்டில் 530-இல் உறிஞ்சல் 0.25 அளவில் வரும். இதே கரைசலில் புறஊதாவை அளந்தால் கணக்கின்படி 80-ஐத் தாண்ட வேண்டும். கருவியோ சிதறொளியால் 3 அல்லது 4-இல் இரைச்சலோடு தட்டையாக நின்றுவிடும், அந்த மேட்டை உச்சி என்று குறித்துவிடும் ஆபத்து உண்டு. நூறு மடங்கு நீர்த்தால் உச்சி 0.8-ஐ ஒட்டி ஒழுங்காகத் தெரியும். நைட்ரிக் அமிலம் வேண்டாம். நைட்ரேட்டே புறஊதாவில் உறிஞ்சும். காரமும் ஆகாது, அதில் ஹாலைடு விரைவாகக் கழன்றுவிடும்.

அயோடைடில் இன்னும் கவனம் தேவை. 383-இல் உள்ள மின்சுமைப் பரிமாற்றப் பட்டை 2,600 அளவுக்கு வலியது. இரண்டாவது டி-டி பட்டை (குளோரைடில் 363-இல் தனியாகத் தெரிவது) அதன் அடியில் புதைந்துபோகிறது. வளைவைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அங்கே ஓர் உச்சியைக் காட்டினாலும் அதை அட்டவணையில் ஏற்ற வேண்டாம்.

சிதைந்த மாதிரியில் டிரைஅயோடைடு இருந்தால் 288-இலும் 353-இலும் மிக வலிய பட்டைகள் எழும். 288 அணைவின் சொந்தப் பட்டையோடு ஒன்றிவிடுவதால் அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 353-இல் தோள் எழுகிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் ஒரு துளி ஸ்டார்ச் கரைசல் போதும். நீலம் வந்தால் மாதிரியைப் புதிதாகப் படிகமாக்கி மறுபடி அளக்க வேண்டும்.