ஏத்தங்காய் சிப்ஸில் ஏணி வைத்துப் பார்த்தது: எம்பிஏ புராஜெக்ட் அனுபவம்

ஒரு பொருளை ஏன் வாங்குகிறார்கள் என்று ஏணிப்படிபோல ஒவ்வொரு பதிலுக்கும் மேலே கேட்டுக்கொண்டே போகும் நேர்காணல்தான் 'லேடரிங்'. இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு இந்த முறையை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரெனால்ட்ஸும் கட்மனும் 1988-ல் எழுதிய கட்டுரையே இதற்கு அடிப்படை. பொருளின் தன்மை, அதனால் கிடைக்கும் பயன், அதற்கும் மேலே விழுமியம் என்று படிகள் மூன்றுதான். படிப்பது எளிது; நேர்காணலில்தான் பாடு.

நான் எடுத்தது நாகர்கோவிலில் ஒரு கடையின் ஏத்தங்காய் சிப்ஸ். "ஏன் வாங்குகிறீர்கள்?" என்றால் "ருசி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் மூன்று பொட்டலங்களை வைத்தேன்: இந்தக் கடையின் சிப்ஸ், பாமாயிலில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ், கம்பெனி உருளைக்கிழங்கு சிப்ஸ். எந்த இரண்டு ஒத்துப்போகின்றன, மூன்றாவது எதில் மாறுகிறது என்று கேட்டேன். தக்கலையிலிருந்து வந்த ஓர் அம்மா, தேங்காய் எண்ணெயில் பொரித்ததைத் தனியே நகர்த்தினார். முதல் படி கிடைத்துவிட்டது.

"தேங்காய் எண்ணெய் என்றால் என்னம்மா விசேஷம்?"

"வாசம்."

"வாசம் இருந்தால்?"

"பிரித்தவுடனே நம்ம ஊர்ப் பண்டம் என்று தெரியும். மகன் சென்னை ஹாஸ்டலில் இருக்கிறான். கூட இருக்கிற பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்களாம்."

"அதில் உங்களுக்கு?"

"ஒன்றுமில்லை மக்களே, சும்மா அனுப்புவதுதான்."

இந்த இடத்தில் மறுபடி 'ஏன்' என்றால் எரிச்சல்தான் வரும். அந்தப் பொருள் இல்லாத நிலையைக் கேட்க வேண்டும். "அனுப்ப முடியாமல் போனதுண்டா?" என்றேன். "ஒரு தடவை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான், அவனுக்குச் செய்ய இனி என்ன மிச்சம் என்று ஆகிவிட்டது" என்றார்.

'மகனுக்கு இன்னும் நான் வேண்டும்' என்பதே அந்த ஏணியின் உச்சி. இதைக் 'குடும்பப் பாசம்' என்று எழுதிவிட்டால் பாழ். அந்தச் சொல் பிரஷர் குக்கருக்கும் பொருந்தும். உங்கள் மேல்படியைப் போட்டி பிராண்டின் பெயரோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அங்கேயும் அப்படியே பொருந்தினால் நடுப்படிகளைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். இங்கே பிராண்டைப் பிடித்து நிறுத்துவது வாசமும் பார்சலும்தான்.

ஒருவரின் ஏணி பிராண்டின் ஏணி ஆகாது. ஒவ்வொரு பதிலையும் சிறு தொடராகச் சுருக்கி, எது எதற்கு இட்டுச்சென்றது, எத்தனை பேரிடம் என்று அட்டவணை போடுங்கள். ஐம்பது அறுபது பேரிடம் பேசியிருந்தால், குறைந்தது 3 முதல் 5 பேர் சொன்ன இணைப்புகளை மட்டும் வைத்து வரைபடம் வரைவது வழக்கம். என் அட்டவணையில் தேங்காய் எண்ணெயிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. பார்சல் அனுப்புகிறவர்களிடம் அது மகனிடம் போய் முடிந்தது. தாமே தின்ன வாங்குகிறவர்களிடம் கொலஸ்ட்ரால் பயத்தில் நின்றது. வைவாவில் இரண்டையும் கலந்து சராசரி பேசாதீர்கள். எந்தக் கிளைக்காக விளம்பரம் என்று கேட்பார்கள். நான் பார்சலைச் சொன்னேன், கடையில் பார்சல் கட்டும் மேஜையை முன்பக்கம் கொண்டுவரலாம் என்ற பரிந்துரையோடு.