ஒரே பி பாசிட்டிவ், ஆனாலும் சேரவில்லை

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோது ஹீமோகுளோபின் 7.1தான் இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிய பிறகுதான் தியேட்டருக்குக் கொண்டுபோவோம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு பி பாசிட்டிவ், எனக்கும் அதேதான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மதியம் ப்ளட் பேங்கிலிருந்து அழைத்தார்கள். "அண்ணே, மூணு பி பாசிட்டிவ் பை போட்டுப் பார்த்தேன், மூணுமே அம்மாவுக்குச் சேரலை" என்றார் அங்கிருந்த டெக்னீஷியன் பெண். குரூப் தப்பாகப் பார்த்துவிட்டார்களோ என்று கேட்டேன். இல்லை, இரண்டாவது முறை புதிதாக ரத்தம் எடுத்தும் பார்த்துவிட்டோம் என்றார்.

அப்புறம் ப்ளட் பேங்க் டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கினார். ஏ, பி, ஓ என்பதெல்லாம் சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளங்கள். பி குரூப் உள்ளவருக்கு ஏ அடையாளத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் குழந்தைப் பருவத்திலேயே தானாக உருவாகிவிடும். அதனால் ஏ ரத்தம் கொஞ்சம் ஏறினாலும் அந்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடையும். சிறுநீரகம் கெட்டு உயிரே போகலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது டி என்ற இன்னொரு அடையாளம். நாம் சொல்லும் குரூப் இதோடு முடிகிறது. சிவப்பணுவின் மேல் இவை போக இன்னும் நூற்றுக்கணக்கான அடையாளங்கள் உண்டு. அவற்றுக்கு எதிர்ப்பொருள் தானாக வருவது அபூர்வம். வேறொருவரின் அணு உடம்புக்குள் வந்தால்தான் வரும். அது ரத்தம் ஏற்றும்போது வரலாம், பிரசவத்தின்போதும் வரலாம்.

குரூப் பார்த்த பிறகும் கிராஸ் மேட்ச் செய்வது இதற்காகத்தான். நோயாளியின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை எடுத்து, பையிலிருக்கும் சிவப்பணுவோடு கலந்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்து, பிறகு ஜெல் நிரப்பிய சின்னக் குழாயில் சுழற்றுகிறார்கள். சேர்ந்தால் அணுக்கள் அடியில் போய்ப் படியும். சேராவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி மேலேயே நிற்கும். அம்மாவின் அட்டையை எனக்குக் காட்டினார்கள். மூன்று குழாயிலும் மேலே சிவப்புக் கோடு.

எந்த அடையாளத்தோடு சண்டை என்று கண்டுபிடிக்க, அடையாளங்கள் முன்பே தெரிந்த 11 வகை அணுக்களோடு அம்மாவின் ரத்தநீரைச் சோதித்தார்கள். 'சின்ன சி' என்ற அடையாளம் இருந்த அணுக்களோடு மட்டும் ஒட்டியது. அம்மாவின் அணுக்களில் சின்ன சி கிடையாது.

"தம்பி, அம்மாவுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் நினைவு வந்தது. 12 வருடம் முன்பு வேறொரு மருத்துவமனையில் கர்ப்பப்பை எடுத்தபோது இரண்டு பை ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் கண் மஞ்சளானது, சிறுநீர் கறுத்தது. மஞ்சள்காமாலை என்று சொல்லி கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். ஏற்றிய அணுக்கள் மெதுவாக உடைந்திருக்கலாம் என்று இவர் சொன்னார். அன்றைக்கு யாரும் அதை ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு சீட்டுகூட எழுதித் தரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சோதித்ததில் எனக்குச் சின்ன சி இருந்தது. அப்பாவிடமிருந்து வந்தது. அம்மாவின் உடம்பு அதை முதலில் சந்தித்ததே என்னைப் பெற்றபோதாக இருக்கலாம். பெற்ற பிள்ளையின் ரத்தம் சேராது என்று கேட்டபோது சங்கடமாகத்தான் இருந்தது. சேர்ந்திருந்தாலும் பிள்ளை ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுக்காமல் ஏற்ற மாட்டோம் என்றார் டாக்டர். இருப்பில் வைக்க ஒரு யூனிட் கொடுத்துவிட்டு வந்தேன்.

இருப்பிலிருந்த ஒன்பது பி பாசிட்டிவ் பைகளைச் சோதித்ததில் மூன்றில் சின்ன சி இல்லை. அவற்றை மறுபடி கிராஸ் மேட்ச் செய்து, மறுநாள் காலை இரண்டை அனுப்பினார்கள். இரண்டு நர்ஸ்கள் பை எண்ணையும் அம்மாவின் கைப்பட்டை எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். முதல் 15 நிமிடம் சொட்டுச் சொட்டாக மட்டும் விட்டு, ஒருவர் பக்கத்திலேயே நின்றார். குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டுமாம். எதுவும் வரவில்லை. மறுநாள் ஹீமோகுளோபின் 9.0. அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு வரும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள்: 'சின்ன சி எதிர்ப்பொருள் உண்டு, சின்ன சி இல்லாத ரத்தம் மட்டும்.' எட்டு மாதம் கழித்து மறுபரிசோதனையில் எதிர்ப்பொருள் தென்படவில்லை. அப்படியானால் அட்டை இனி வேண்டாமா என்று கேட்டேன். "இப்பதான் ரொம்ப வேணும். அளவு குறைஞ்சா கிராஸ் மேட்ச்ல தெரியாது, சேர்ற மாதிரியே காட்டும். ஏத்தின ஒரு வாரத்துல உடம்பு பழசை ஞாபகம் வச்சுத் திரும்ப உற்பத்தி பண்ணிரும்" என்றார் டாக்டர். அட்டையை அம்மா சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். படம் எடுத்து என் போனிலும் தங்கை போனிலும் வைத்திருக்கிறோம்.