அம்மா கணக்கில் பிடித்த 410 ரூபாய் 64 காசு

மன்னார்குடியில் இருக்கும் அம்மாவின் சேமிப்புக் கணக்கில் ஜூலை முதல் வாரம் 410.64 ரூபாய் பிடித்திருந்தார்கள். பாஸ்புக்கில் `MAB CHGS JUN INCL GST` என்று ஒரே வரி. ஜூன் மாதச் சராசரி இருப்பு குறைந்ததற்கான அபராதமும் வரியும் சேர்ந்த தொகை அது. "பணம் கம்மியாத்தானே வச்சிருந்தேன், பிடிச்சிருப்பாங்க, விடு" என்றார் அம்மா. எனக்கு விட மனமில்லை. அவருக்கு அது ஒரு மாத மருந்துச் செலவு.

முதலில் வங்கியின் இணையதளத்தில் அவர் கணக்கு வகைக்கான கட்டண அட்டவணையை எடுத்தேன். சிறு நகரக் கிளைக்கு மாதச் சராசரி இருப்பு 5,000 ரூபாய், பெருநகரக் கிளைக்கு 10,000. குறைகிற தொகையில் 6 சதவீதம் அபராதம், வரி தனி. மக்கள்தொகை 10,000 முதல் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் ஊர்க் கிளைகளைச் சிறு நகரக் கிளை என்கிறார்கள். மன்னார்குடி அதில்தான் வரும்.

அடுத்து சராசரி. பாஸ்புக்கில் தெரிந்த 2,000, 6,000, 3,000 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். 3,667 வந்தது. அது தப்பு. ஒவ்வொரு நாளும் வங்கி முடியும்போது உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்க வேண்டும். எந்த இருப்பு எத்தனை நாள் இருந்தது என்பதுதான் கணக்கு. ஜூன் 1 முதல் 9 வரை 2,000 இருந்தது. 10ஆம் தேதி தம்பி 4,000 போட்டதால் 24 வரை 6,000. 25ஆம் தேதி அம்மா 3,000 எடுத்ததால் மாதக் கடைசி வரை 3,000.

```
2000 × 9  =  18000
6000 × 15 =  90000
3000 × 6  =  18000
மொத்தம்   = 126000
126000 ÷ 30 = 4200
```

ஆக 5,000க்கு 800 ரூபாய்தான் குறைவு. அதில் 6 சதவீதம் 48 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை அந்த 48க்குத்தான் போட வேண்டும், குறைந்த 800க்கு அல்ல. 8.64 ஆகிறது. மொத்தம் 56.64. பிடித்ததோ 410.64!

அப்புறம் வங்கியின் தொகையைப் பின்னாலிருந்து பிரித்துப் பார்த்தேன். வரியோடு சேர்ந்த தொகை என்பதால் 1.18ஆல் வகுத்தால் 348 வருகிறது. அது 6 சதவீதம் என்றால் குறைவு 5,800. அதோடு சராசரி 4,200ஐக் கூட்டினால் சரியாக 10,000. அதாவது சராசரியை வங்கி சரியாகவே எடுத்திருக்கிறது, வரியும் சரி. அம்மாவின் கணக்கைப் பெருநகரக் கணக்காக வைத்திருந்ததுதான் பிழை.

ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் தகவல் தர வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது விட வேண்டும், அபராதம் குறைவின் அளவுக்கேற்ப இருக்க வேண்டும். அம்மாவின் செல்போனில் தேடினேன். மே மாதம் வந்த குறுஞ்செய்தி அப்படியே கிடந்தது. அதிலும் 10,000 என்றே இருந்தது. வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

கட்டண அட்டவணை, பாஸ்புக் நகல், ஒரு பக்கக் கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனோம். "சிஸ்டம் போடுறதும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் முன்னால் இருந்தவர். மேலாளரிடம் 5,800 + 4,200 என்ற வரியைக் காட்டினேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, ஏப்ரலில் கே.ஒய்.சி. புதுப்பித்தபோது கணக்கின் திட்டக் குறியீடு மாறியிருக்கிறது என்றார். குறியீட்டை அன்றைக்கே மாற்றினார். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` வழியாகப் போக அந்தத் தேதி வேண்டும்.

ஒன்பதாம் நாள் 300 ரூபாய் வரவு வந்தது. கூடுதலாகப் பிடித்த அபராதம் (348இல் 48 போக) அவ்வளவுதான், ஆனால் அந்த 300க்குப் போட்ட வரி 54 ரூபாய் வரவில்லை. அபராதமே தப்பு என்றால் அதன்மேல் வாங்கிய வரியும் திரும்ப வேண்டுமே. மறுபடி போய்க் கேட்டதும், வரியைத் தனிப் பதிவாகத்தான் திருப்ப வேண்டும், விட்டுப்போய்விட்டது என்றார்கள். நான்கு நாள் கழித்து 54 ரூபாய் ஏறியது. பாஸ்புக்கில் அந்த வரவு அச்சாகும்வரை அம்மா கவுன்ட்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.