மாதம் இரண்டு தடவை வந்த அதே டிக்கெட்

நான்கு வருடம் ஒரு பேமென்ட் அப்ளிகேஷனுக்கு எல்2 சப்போர்ட்டில் இருந்தேன். டிக்கெட் வரும், லாக் பார்ப்பேன், டேட்டாபேஸில் ஏதாவது ஒரு ரெக்கார்டைச் சரிசெய்வேன், டிக்கெட்டை மூடுவேன். டெவலப்பராகிவிட வேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லோரையும் போல ஒரு ஜாவா கோர்ஸ் வாங்கி, மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். பார்த்துக்கொண்டே டைப் செய்யும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. காலி எடிட்டரைத் திறந்து உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முதல் இன்டர்வியூவில், ஒரு ஸ்ட்ரிங்கில் ஒரே ஒருமுறை வரும் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதற்கே திணறினேன்.

அப்புறம்தான் கையில் இருந்த டிக்கெட்டையே பாடமாக எடுத்தேன். மாதம் இரண்டு தடவையாவது வரும் புகார் அது: வாடிக்கையாளரின் பணம் இரண்டு முறை போயிருக்கும். எங்கள் ரன்புக்கில் இருந்த வழி, இந்த குவெரியை ஓட்டி இரண்டாவது ரெக்கார்டை ரிவர்சலுக்கு அனுப்புவது.

```sql
SELECT ref_no, COUNT(*) FROM payments
GROUP BY ref_no HAVING COUNT(*) > 1;
```

பல வருடமாக ஓட்டியிருக்கிறேன். ஏன் இரண்டு விழுகிறது என்று ஒருநாளும் தேடியதில்லை. டெவலப்மென்ட் லீடிடம் போய், "சார், மாற்றமெல்லாம் எதுவும் செய்யமாட்டேன், கோடைப் படிக்க மட்டும் ஆக்சஸ் வேண்டும்" என்று கேட்டேன். கொடுத்துவிட்டார். இதை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கோடு பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ரெஃபரன்ஸ் நம்பர் ஏற்கனவே டேபிளில் இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் சேர்க்கும். ஆனால் லாகில் பார்த்தால், ஒரே நம்பருக்கு இரண்டு ரிக்வெஸ்ட், ஒரே நொடியில், இரண்டு வெவ்வேறு சர்வரில். முதல் ரிக்வெஸ்ட் சேர்த்து கமிட் ஆவதற்குள் இரண்டாவதும் தேடி முடித்துவிடுகிறது. அதற்கு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் அதுவும் சேர்க்கிறது.

இதை வீட்டில் ஒரு சின்ன ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனில் மறுபடி உண்டாக்கிப் பார்க்க நான்கு வார இறுதிகள் ஆனது. மூன்று மாத வீடியோவில் கிடைக்காதது அதில் கிடைத்தது. முதலில் அந்த மெதடில் `synchronized` போட்டேன், பிரச்சினை போய்விட்டது. சந்தேகத்தோடு அதே அப்ளிகேஷனை இன்னொரு போர்ட்டிலும் ஓட்டினேன், மறுபடி இரட்டை ரெக்கார்டு. அந்தப் பூட்டு ஒரு ஜேவிஎம்முக்குள் மட்டும்தான் செல்லும். இரண்டு சர்வருக்கும் பொதுவாக இருப்பது டேட்டாபேஸ் ஒன்றுதான் என்பதால் தடுப்பும் அங்கேதான் வேண்டும்.

```sql
ALTER TABLE payments
ADD CONSTRAINT uq_ref_no UNIQUE (ref_no);
```

இதை லீடிடம் காட்டினேன். டெஸ்ட் சூழலில் ஓட்டியதும் `ORA-02299` என்று நின்றது. பழைய இரட்டைகள் டேபிளில் அப்படியே இருந்தன. கணக்கு சம்பந்தப்பட்டவை என்பதால் அழிக்க முடியாது. தனி டேபிளுக்கு நகர்த்திவிட்டு கன்ஸ்ட்ரெயின்ட்டைச் சேர்த்தோம். இரண்டாவது ரிக்வெஸ்ட்டுக்கு எர்ரர் காட்டாமல் முதல் பேமென்ட்டின் விவரத்தையே திருப்பித் தரும் பகுதியை நான் எழுதினேன். ரிவ்யூவில் மூன்று முறை திரும்பி வந்தது.

அதிலிருந்து ஆறு மாதத் திட்டம் இதுதான்: மாதம் ஒரு டிக்கெட்டை இப்படி வேர்வரை தோண்டுவது, தினமும் அரை மணி நேரம் அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப் கணக்குகள். டைனமிக் புரோகிராமிங் பக்கம் போகவே இல்லை; நான் விண்ணப்பித்த வேலைகளுக்கு அது தேவைப்படவில்லை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிதாக எதுவும் படிக்கமாட்டேன், கோடு வாசிப்பது மட்டும். மேனுவல் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும்: நீங்களே பதிவுசெய்த ஒரு பக்கை எடுத்து, அதில் ஃபெயில் ஆகும் ஒரு ஆட்டோமேஷன் டெஸ்ட் எழுதி, பிறகு எந்த வரி காரணம் என்று கோடுக்குள் தேடலாம்.

ரெஸ்யூமே விஷயத்தில் ஒரு கன்சல்டன்சிக்காரர், "நாலு வருஷத்தையும் டெவலப்மென்ட்னு போட்டுடுங்க" என்றார். போடவில்லை. பின்னணிச் சரிபார்ப்பில் பதவியின் பெயர் தெரிந்துவிடும் என்பது ஒரு பக்கம். அதற்கு முன்பே, "உங்கள் டீமில் பிரான்ச்சை யார் மெர்ஜ் செய்வார், எப்போது?" என்ற கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். நான் எழுதியது: 4 வருட எல்2 சப்போர்ட், கடைசி 6 மாதத்தில் புரொடக்‌ஷனுக்குப் போன 3 பக் ஃபிக்ஸ்.

ஐந்தாவது இன்டர்வியூவில், "இதற்கு `synchronized` போதாதா?" என்று கேட்டார்கள். இரண்டாவது போர்ட் கதையைச் சொன்னேன். மீதி நேரம் முழுக்க அதைச் சுற்றியே போனது. சம்பளம் ஏறவில்லை, பழைய தொகையேதான், தெரிந்தே சம்மதித்தேன்.

நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரம், அந்த குவெரியை ரன்புக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஷிஃப்ட் லீட் கேட்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்றேன்.