ஓவர்டைமும் போனஸும் கைக்கு வந்த கதை

நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வேலை பார்த்ததற்கு ஓவர்டைம் வரவில்லை, ஓராண்டு முடிந்தால் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் போனஸ் என்று சொன்னதும் வரவில்லை. கேட்கும் முன்பு வருகைப் பதிவைத்தான் முதலில் இறக்கி வைத்துக்கொண்டேன். எங்கள் போர்ட்டலில் ஆறு மாதத்துக்கு மேல் பழையது தெரியாது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் ஆதாரமே போயிருக்கும்.

ஒப்பந்தத்தில் வாரம் 45 மணி நேரம், அதாவது நாளுக்கு 9, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. நான் உள்ளே வந்த நேரத்துக்கும் வெளியே போன நேரத்துக்கும் இடைவெளியைப் பார்த்து, 9 மணி நேரத்துக்கு மேல் போனதையெல்லாம் கூட்டி 44 நாளில் 83 மணி நேரம் என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பும் முன் மதிய இடைவேளை கணக்கில் வராது என்ற வரி கண்ணில் பட்டது. நாளுக்கு அரை மணி வீதம் 22 போக, மிச்சம் 61. அந்த 83-ஐ அனுப்பியிருந்தால் மற்ற கணக்கையும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

எச்.ஆர். சொன்ன முதல் பதில், முன் அனுமதி இல்லாத ஓவர்டைம் செல்லாது என்பது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்தது. ஆனால் அனுமதிக்குத் தனிப் படிவம் வேண்டும் என்று எங்கும் இல்லை. "இன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்க" என்று மேலாளர் அனுப்பிய மெயில்களையும் சாட் செய்திகளையும் தேதிவாரியாகப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். 52 மணி நேரத்துக்குப் பொருந்தியது. மீதி 9-க்கு வாய்மொழி மட்டுமே, அதை விட்டுவிட்டேன்.

அடுத்த இழுபறி, ஒரு மணி நேரச் சம்பளம் எவ்வளவு என்பதில். அவர்கள் மாதச் சம்பளத்தை 30 நாள், 8 மணி என்று 240-ஆல் வகுத்திருந்தார்கள். 45 மணியை 52 வாரத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 195 தான் வருகிறது. 52 மணிக்கு ஒன்றரை மடங்கு 78, அதை 195-ஆல் வகுத்தால் மாதச் சம்பளத்தில் 40 சதவீதம், அவர்கள் வழியில் 32.5. இந்த ஒரு கணக்கைத் திருத்தச் சொல்லித்தான் மூன்று மெயில் போட வேண்டியிருந்தது.

போனஸுக்கு, கையேட்டில் "நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்று இருப்பதைக் காட்டினார்கள். சரி, ஆனால் நியமனக் கடிதத்தில் ஓராண்டு நிறைவு என்ற ஒரே நிபந்தனைதான், முரண் வந்தால் நியமனக் கடிதமே செல்லும் என்று அதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைத்தான் திருப்பி அனுப்பினேன்.

அதற்கு அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் "நிலுவை" என்ற ஒரே வரியில் இரண்டும் சேர்ந்து வந்தன. எது எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டு, அதையும் கோப்பில் வைத்துக்கொண்டேன்.