1,500 மீட்டர் ஓட்டத்துக்கு டிரெட்மில்லில் எந்த வேகம் வைப்பது?

தமிழ்நாடு காவலர் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். 420 வினாடியை ஒன்றரையால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 280 வினாடி, அதாவது 4 நிமிடம் 40 வினாடி. மைதானத்தில் கடிகாரத்தைப் பார்த்து ஓட இது போதும். மழைக்காலத்தில் நான் பயிற்சி செய்த டிரெட்மில்லோ மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டுமே காட்டியது. ஓடும்போது 3,600-ஐ 280-ஆல் வகுக்க யாருக்கு மூச்சு இருக்கிறது?

மூன்று ஜோடிகளை மனப்பாடம் செய்துகொண்டேன்: வேகம் 10 என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், 12 என்றால் 5, 15 என்றால் 4. இடைப்பட்ட வேகங்களுக்கு, பொத்தானை ஒருமுறை அழுத்தி 0.1 கூட்டினால் எத்தனை வினாடி குறையும் என்று தெரிந்தால் போதும். 10-க்கு அருகில் சுமார் மூன்றரை வினாடி, 12-க்கு அருகில் இரண்டரை, 15-க்கு அருகில் ஒன்றரை. வேகம் கூடக்கூட ஒவ்வோர் அழுத்தலின் பலனும் குறைகிறது.

இப்போது 4:40-க்கு வருவோம். பக்கத்தில் இருப்பது 5:00, வேகம் 12. இருபது வினாடி குறைய வேண்டும். அழுத்தலுக்கு இரண்டரை வீதம் எட்டு அழுத்தல், ஆக 12.8. கணக்கு அழகாக முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் 12.8-இல் 1,500 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ 7 நிமிடம் 2 வினாடி ஆகும். தேர்வில் அது தோல்வி. 12-ஐத் தாண்டியதும் ஓர் அழுத்தல் முழுதாக இரண்டரை வினாடியைக் குறைப்பதில்லை என்பதே காரணம். மேலேயிருந்து இறங்கி வந்து கணக்கிட்டாலும் விடை உண்மையான வேகத்துக்குக் கீழேதான் நிற்கும். எனவே எந்தப் பக்கமிருந்து கணக்கிட்டாலும் கடைசியில் ஓர் அழுத்தல் கூட்டிவிடுவேன். 12.9-இல் நேரம் 6 நிமிடம் 59 வினாடிக்குள் வந்துவிடும். மூன்று ஜோடிகளிலிருந்தும் வெகுதூரம் விலகிய வேகத்துக்கு இந்த ஓர் அழுத்தல் போதாது. அங்கே நேராக வகுத்துவிடுவதே மேல்.

நேராக வகுப்பவர்கள் வேறோர் இடத்தில் சறுக்குவார்கள். 60-ஐ 11-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 5.45 என்று காட்டும். அதை 5 நிமிடம் 45 வினாடி என்று படித்துவிடக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் பின்னம். அதை 60-ஆல் பெருக்கினால் 27 வினாடி. சரியான விடை 5:27.

தேர்வுக்கு நான் வைத்துக்கொண்ட வேகம் 13. கணக்குப்படி 6:55 ஆகும். கூட்டத்தோடு ஓடும்போது வளைவுகளில் வெளிப்பக்கமாக ஒதுங்க நேர்ந்து சில மீட்டர் கூடும். மிச்சமாகும் ஐந்து வினாடி அதற்கு.